வட்டி வேண்டாம், சிகரெட் வேண்டாம்: ஷரியா ஃபண்ட், இஎஸ்ஜி ஃபண்ட், சாதா நிஃப்டி ஃபண்ட்

கொள்கை பார்த்துப் பணம் போட நினைப்பவர்களுக்கு இந்திய மியூச்சுவல் ஃபண்ட் சந்தையில் இரண்டு வாசல்கள் திறந்திருக்கின்றன. வட்டியும் மதுவும் தவிர்க்கும் ஷரியா ஃபண்ட் ஒன்று. சுற்றுச்சூழல், சமூகம், நிர்வாகம் என்று மதிப்பெண் போட்டுப் பங்குகளைப் பொறுக்கும் இஎஸ்ஜி ஃபண்ட் மற்றொன்று. எதையும் வடிகட்டாத நிஃப்டி 50 இண்டெக்ஸ் ஃபண்டோடு இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் கொள்கைக்கு நாம் கொடுக்கும் விலை தெரியும். அந்த விலையில் இரண்டு பகுதிகள் உண்டு. வருமானத்தில் வரும் வித்தியாசம் எந்தப் பக்கம் சாயும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. கட்டணத்தில் வரும் வித்தியாசம் நிச்சயம், ஆனால் அதில் பெரும்பகுதியைத் தவிர்த்துவிடலாம். பலர் முதலாவதைப் பற்றிக் கவலைப்பட்டு இரண்டாவதைக் கவனிக்காமல் விடுகிறார்கள்.

முதலில் ஷரியா. நிஃப்டியின் ஷரியா இண்டெக்ஸ்களுக்கு வடிகட்டிக் கொடுப்பது டாசிஸ் என்ற ஆலோசனை நிறுவனம். வங்கி, காப்பீடு, வட்டிக்குக் கடன் கொடுக்கும் நிதி நிறுவனங்கள், மது, புகையிலை, சூதாட்டம், பன்றி இறைச்சி எல்லாம் தொழிலைப் பார்த்தே வெளியே போய்விடும். மிஞ்சும் நிறுவனங்களின் கணக்குப் புத்தகத்தைப் பிறகு பார்ப்பார்கள். வட்டிக் கடன் மொத்தச் சொத்தில் 25 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். வட்டி வழி வருமானம் மொத்த வருமானத்தில் 3 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. அதனால் தொழில் ஹலாலாக இருந்தாலும் கடன் வாங்கி ஆலை கட்டும் நிறுவனம் விழுந்துவிடும். இன்று பட்டியலில் இருப்பது அடுத்த ஆண்டு கடன் ஏறியதும் வெளியேறலாம். அப்போது விலை எப்படி இருந்தாலும் ஃபண்ட் மேலாளர் விற்றாக வேண்டும்.

இந்த வடிகட்டல் ஃபண்டை எப்படி வளைக்கிறது என்பதற்குச் சின்னக் கணக்கு போதும். நிஃப்டி 50-இல் நிதித் துறையின் எடை ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. நூறு ரூபாயில் 35 ரூபாய் வங்கி, நிதி என்று வைத்துக்கொள்வோம். அதை எடுத்துவிட்டால் மிச்சம் 65 ரூபாய்தான் நூறாக விரிய வேண்டும். 12 ரூபாயாக இருந்த தகவல் தொழில்நுட்பம், வேறெதையும் தொடாமலே, பதினெட்டரை ரூபாய் ஆகிவிடும். கடன் விதியில் இன்னும் சிலர் வெளியேறுவதால் நடைமுறையில் இதைவிட அதிகமாகவும் ஆகும். ஆக, ஷரியா ஃபண்ட் வாங்குவது, தெரிந்தோ தெரியாமலோ, வங்கிகளைக் குறைத்து டிசிஎஸ், இன்ஃபோசிஸ், இந்துஸ்தான் யூனிலீவர் போன்றவற்றைக் கூட்டுவதுதான்.

இதன் விளைவை இரண்டு ஆண்டுகள் தெளிவாகக் காட்டுகின்றன. 2020-இல் நிஃப்டி 50 சுமார் 15 சதவீதம் ஏறியது. நிஃப்டி ஐடி சுமார் 55 சதவீதம் ஏறியது, வங்கி இண்டெக்ஸோ 3 சதவீதம் அளவுக்கு இறங்கியது. அந்த ஆண்டு வங்கி இல்லாதது ஷரியாவுக்கு வரம். 2022-இல் எல்லாம் தலைகீழ்: நிஃப்டி சுமார் 4 சதவீதம் ஏற, வங்கிகள் 21 சதவீதம் ஏறின, ஐடி 26 சதவீதம் விழுந்தது. கொள்கை மாறவில்லை, வடிகட்டியும் மாறவில்லை, காற்றுதான் மாறியது. கடந்த மூன்று ஆண்டு வருமானத்தைக் காட்டி ‘ஷரியா ஜெயிக்கிறது’ என்றோ ‘ஷரியா தோற்கிறது’ என்றோ யாராவது சொன்னால், அது வங்கியும் ஐடியும் அந்த மூன்று ஆண்டில் என்ன செய்தன என்பதைச் சொல்வதாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு சின்ன ஒழுகலும் உண்டு. சாதா ஃபண்டுகள் கையிருப்புப் பணத்தை ஓரிரவு வட்டிக்குப் போட்டு வைக்கும். ஷரியா ஃபண்ட் அப்படிச் செய்ய முடியாது, பணம் வட்டியில்லாமல் தூங்கும். ஃபண்டில் 5 சதவீதம் ரொக்கமாக இருந்து, வெளியே வட்டி 6 சதவீதம் என்றால், ஆண்டுக்கு 0.3 சதவீதம் இப்படிக் கழிகிறது. ஃபண்டின் மாத அறிக்கையான ஃபேக்ட்ஷீட்டின் கடைசி வரிகளில் ரொக்க அளவு இருக்கும். அது மாதா மாதம் பத்து சதவீதத்துக்கு மேலேயே நின்றால் மேலாளருக்குப் பங்கு கிடைக்கவில்லை என்று பொருள்.

இஎஸ்ஜி பக்கம் கதை வேறு. நிஃப்டி 100 இஎஸ்ஜி இண்டெக்ஸ் புகையிலை, மது, சூதாட்டம், சர்ச்சைக்குரிய ஆயுதம் போன்ற சில தொழில்களை மட்டும் ஒதுக்குகிறது. மற்றவற்றுக்கு மதிப்பெண் போட்டு, நல்ல மதிப்பெண்ணுக்கு எடையைக் கூட்டுகிறது. வங்கிகள் உள்ளேயே இருக்கும், பெரிய ஐடி நிறுவனங்களும் இருக்கும். ஐடிசி இருக்காது: பிஸ்கட்டும் ஆட்டாவும் விற்றாலும் லாபத்தின் பெரும்பகுதி சிகரெட்டிலிருந்து வருகிறது. 2022-இல் ஐடிசி பங்கு சுமார் 50 சதவீதம் ஏறியபோது இஎஸ்ஜி ஃபண்டுகள் அதைத் தவறவிட்டன. ஆனால் நிஃப்டியில் அதன் எடை சில சதவீதம்தான். 4 சதவீத எடையுள்ள பங்கு 50 சதவீதம் ஏறினால் இண்டெக்ஸுக்குக் கூடுவது 2 சதவீதம். இதுபோன்ற ஆண்டு அடிக்கடி வராது.

இஎஸ்ஜி ஃபண்டின் பெயரையே கூர்ந்து படிக்க வேண்டும். செபி 2023 ஜூலையில் ஆறு உத்திகளை வகுத்து, எந்த உத்தி என்பது ஃபண்டின் பெயரிலேயே தெரிய வேண்டும் என்றது. சொத்தில் குறைந்தது 80 சதவீதம் அந்த உத்திப்படி இருக்க வேண்டும். பெயரில் ‘எக்ஸ்குளூஷனரி’ என்று இருந்தால் ஒதுக்கும் தொழில்களின் பட்டியல் உண்டு. அது திட்ட ஆவணத்தில் இருக்கும். ‘பெஸ்ட் இன் கிளாஸ்’ என்றால் ஒவ்வொரு துறையிலும் மற்றவரைவிட நன்றாக நடப்பவரை எடுப்பது. மோசமான துறை என்று நீங்கள் நினைப்பதிலும் அதில் சிறந்தவர் உள்ளே வரலாம். நிலக்கரி கூடவே கூடாது என்பவர் இரண்டாவது வகையை வாங்கிவிட்டுப் பிறகு போர்ட்ஃபோலியோவைப் பார்த்து வருந்துவது இப்படித்தான்.

எங்களுக்கு இஎஸ்ஜி மீதுள்ள குறை வருமானம் பற்றியதல்ல. முதல் பத்துப் பங்குகளை எழுதிவைத்து, பக்கத்தில் நிஃப்டியின் முதல் பத்தை எழுதிப் பாருங்கள். ஆறோ ஏழோ ஒன்றாக இருந்தால் அந்த ஃபண்ட் பெரும்பாலும் இண்டெக்ஸ்தான். இண்டெக்ஸ் போன்ற பொருளுக்கு மேலாளர் கட்டணம் கொடுக்கிறீர்கள்.

கட்டணத்துக்கு வருவோம். நிஃப்டி 50 இண்டெக்ஸ் ஃபண்டின் டைரக்ட் பிளான் ஆண்டுக்கு 0.2 சதவீதம் என்று கொள்வோம். வடிகட்டிய ஃபண்டின் டைரக்ட் பிளான் 0.8, அதே ஃபண்டின் ரெகுலர் பிளான், அதாவது முகவர் கமிஷன் சேர்ந்தது, 2 சதவீதம் என்று கொள்வோம். மூன்றும் கட்டணத்துக்கு முன் ஆண்டுக்கு 12 சதவீதம் சம்பாதிப்பதாக வைத்து 5 லட்சத்தை 20 ஆண்டு விட்டால், இண்டெக்ஸ் ஃபண்டில் சுமார் 46.5 லட்சம், வடிகட்டிய டைரக்டில் 41.8 லட்சம், வடிகட்டிய ரெகுலரில் 33.6 லட்சம். கொள்கைக்குக் கொடுத்த கட்டணம் 4.7 லட்சம். கமிஷனுக்குக் கொடுத்தது 8.2 லட்சம். பங்குகள் இரண்டிலும் ஒன்றே, மேலாளர் ஒருவரே. முகவர் உண்மையிலேயே வழிகாட்டி, சரிவில் உங்களை விற்காமல் பிடித்து வைக்கிறார் என்றால் அது வேறு. வெறும் படிவம் நிரப்பித் தந்தவருக்கு 20 ஆண்டு இவ்வளவு கொடுப்பது கொள்கையின் குற்றமல்ல.

ஷரியா இடிஎஃப் ஒன்று SHARIABEES என்ற குறியீட்டில் பங்குச் சந்தையில் கிடைக்கிறது. நிஃப்டி 50 ஷரியாவைப் பின்பற்றுவது, மேலாளர் தேர்வு கிடையாது. ஆனால் இப்படிப்பட்ட இடிஎஃப்களில் வியாபாரம் மெலிது. கிடைக்கும் விலைக்கு வாங்கும் மார்க்கெட் ஆர்டர் போட்டால் உள்ளடங்கிய மதிப்பைவிட ஒன்று, இரண்டு சதவீதம் கூடக் கொடுத்துவிட நேரலாம், அதுவே பல ஆண்டுக் கட்டணத்தை விழுங்கிவிடும். ஒரு யூனிட்டின் அந்த நேரத்து மதிப்பைக் காட்டும் iNAV ஃபண்ட் நிறுவனத்தின் தளத்தில் ஓடும், அதைப் பார்த்து, அதையொட்டிய விலையை நீங்களே குறிக்கும் லிமிட் ஆர்டர் மட்டும் போடுங்கள்.

கையிலிருக்கும் ஷரியா ஃபண்டைச் சோதிக்க வழி இது. niftyindices.com தளத்தில், டிவிடெண்டையும் சேர்த்துக் கணக்கிடும் டோட்டல் ரிட்டர்ன் இண்டெக்ஸ் மதிப்புகளை எடுத்து, ஒரே தொடக்க, முடிவு நாட்களில் மூன்று எண்களைப் போடுங்கள்: நிஃப்டி 500, நிஃப்டி 500 ஷரியா, உங்கள் ஃபண்டின் யூனிட் மதிப்பான என்ஏவி. முதல் இரண்டுக்கும் உள்ள இடைவெளி வடிகட்டலின் விலை, சில காலம் அது லாபமாகவே இருக்கும். இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் உள்ள இடைவெளி மேலாளரும் கட்டணமும் செய்தது. பல ஐந்தாண்டுக் காலங்களில் இந்த இரண்டாவது இடைவெளியே தொடர்ந்து இறக்கமாக இருந்தால், விலகுவதற்கு அதுதான் காரணம். முதல் இடைவெளிக்காக விலகினால் கொள்கையைக் கைவிட்டதாகிவிடும்.

எங்கள் தீர்ப்பு: வட்டி கூடாது என்பவருக்கு இஎஸ்ஜி உதவாது, ஷரியா டைரக்ட் பிளானே வழி. சிகரெட்டும் மதுவும் மட்டும் உறுத்துகிறது என்றால் எக்ஸ்குளூஷனரி இஎஸ்ஜி டைரக்ட் போதும், அதற்காக வங்கிகளை இழக்க வேண்டியதில்லை. ஃபண்டை மாற்றினாலும் எல்லாம் சுத்தமாகிவிடாது என்பதையும் சொல்ல வேண்டும். ஐடிசியில் எல்ஐசிக்குச் சுமார் 15 சதவீதம் இருக்கிறது. 2017-இல் இதை எதிர்த்து மும்பை உயர்நீதிமன்றத்தில் பொதுநல வழக்கே போட்டார்கள். வருங்கால வைப்பு நிதியும் 2015 முதல் நிஃப்டி, சென்செக்ஸ் இடிஎஃப்களில் பணம் போடுகிறது. உங்கள் பாலிசியிலும் பிஎஃபிலும் சிகரெட் ஏற்கெனவே இருக்கிறது, அதை நீங்கள் தேர்ந்தெடுக்க முடியாது.

ரெகுலரிலிருந்து டைரக்டுக்கு மாறுவது வரிக் கணக்கில் விற்று வாங்குவதுதான். ஓராண்டு ஆகியிருந்தால் பல ஃபண்டுகளில் வெளியேறும் கட்டணம் இராது. ஓராண்டைத் தாண்டிய லாபத்தில் ஒரு நிதியாண்டுக்கு 1.25 லட்சம் வரை வரி இல்லை, அதற்கு மேல் 12.5 சதவீதம். ஒரே தடவையில் 5 லட்சம் போட்டது 7 லட்சம் ஆகியிருந்தால் லாபம் 2 லட்சம். வேறு பங்கு லாபம் இல்லாதவர் ஒரே நாளில் மாற்றினால் 75,000 ரூபாய்க்கு 9,375 ரூபாய் வரி, அதன் மேல் செஸ். பாதி யூனிட்டை மார்ச் கடைசி வாரத்திலும் மீதியை ஏப்ரல் முதல் வாரத்திலும் மாற்றினால், இடையில் விலை பெரிதாக ஏறாதவரை, இரண்டு நிதியாண்டிலும் லாபம் தலா 1 லட்சத்தை ஒட்டியே நிற்கும், வரி வராது. பழைய எஸ்ஐபியை நிறுத்திய பிறகே இதைத் தொடங்குங்கள். இல்லையேல் ரெகுலர் ஃபோலியோவில் புதிய யூனிட்டுகள் சேர்ந்துகொண்டே இருக்கும், அவற்றுக்கு ஓராண்டுக் கணக்கு மறுபடி முதலிலிருந்து ஓடும்.