முஃரபும் மப்னியும்: ஈறு மாறும் சொல், மாறாத சொல்

அரபு இலக்கண நூல்கள், வாக்கியத்தில் வகிக்கும் இடத்திற்கேற்ப ஈறு மாறும் சொல்லை முஃரப் என்றும், எங்கு வந்தாலும் ஈறு மாறாத சொல்லை மப்னி என்றும் பிரிக்கின்றன. முஃரபுக்கு ஸைத் என்ற பெயரே வழக்கமான எடுத்துக்காட்டு: 'ஜாஅ ஸைதுன்' (ஸைத் வந்தான்) என்பதில் அது எழுவாயாதலால் உகரம் ஏற்று மர்ஃபூஃ, 'ரஅய்து ஸைதன்' (ஸைதைக் கண்டேன்) என்பதில் செயப்படுபொருளாதலால் அகரம் ஏற்று மன்ஸூப், 'மரர்து பிஸைதின்' (ஸைதைக் கடந்து சென்றேன்) என்பதில் 'பி' என்னும் இடைச்சொல்லால் இகரம் ஏற்று மஜ்ரூர். இதே மூன்று இடங்களில் 'இவர்கள்' எனப் பொருள்படும் 'ஹாஉலாஇ' என்பதை வைத்தாலோ, அது இகர ஈற்றோடு அப்படியே நிற்கிறது.

மாணவர்கள் சறுக்குவது இங்கேதான். 'ஜாஅ ஹாஉலாஇ' என்பதில் இகரத்தைக் கண்டவுடன் மஜ்ரூர் என்று எழுதிவிடுகிறார்கள். ஆனால் அந்த இகரம் சொல்லின் நிலையான ஈறு என்பதால், 'கஸ்ரின் மீது மப்னி, ரஃபுடைய இடத்தில் உள்ளது' என்று, அதாவது கஸ்ர் எனப்படும் இகரத்தில் நிலைத்து மர்ஃபூஃ வரவேண்டிய இடத்தில் நிற்கிறது என்று, விவரிப்பதே முறை. ஸைதை அவ்விடத்தில் பொருத்திப் பார்த்தால் உகரம் வரும். இடம் எதுவென்பது தெளிவாகிவிடும்.

எனினும், ஒலி மாறாதவை எல்லாம் மப்னி அல்ல. மூஸா என்னும் பெயர் மூன்று இடங்களிலும் ஒரே வடிவில் வந்தாலும் முஃரபே. இறுதி அலிஃப் உயிர்க்குறியை ஏற்க இயலாததால், அக்குறியைக் கருத்தளவில் மட்டும் கொள்கிறார்கள்.