வீட்டுக் கடன் தவணை குறைந்தது என்று குறுஞ்செய்தி வந்தால், பாக்கி மாதம் எத்தனை என்று உடனே கேளுங்கள்

மாறும் வட்டியில் வீட்டுக் கடன் வைத்திருப்பவர்கள் இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். எனக்கு நடந்தது பலருக்கும் நடந்துகொண்டிருக்கலாம், தெரியாமலேயே.

2022 மார்ச்சில் ஒரு வீட்டுவசதிக் கடன் நிறுவனத்தில் 30 லட்சம் வாங்கினேன். 7 சதவீதம் வட்டி, 240 மாதம், தவணை ரூ.23,259. வருடத்துக்கு ஒருமுறை வட்டி மாறும் என்பது ஒப்பந்தம். அந்த வருடம் மே மாதத்திலிருந்து ரிசர்வ் வங்கி, வங்கிகளுக்குத் தான் கடன் கொடுக்கும் வட்டியான ரெப்போ விகிதத்தை ஏற்றிக்கொண்டே போனது. 2023 மார்ச்சில் என் வட்டி 8.5 ஆனது. வந்த செய்தியில் இருந்தது இவ்வளவுதான்: "வட்டி மாற்றப்பட்டுள்ளது. உங்கள் தவணையில் மாற்றம் இல்லை."

தவணையை மாற்றாமல் வட்டியை ஏற்றினால் வேறு எது மாறும்? மாதங்கள்தான். அப்போது பாக்கி அசல் ரூ.29,28,631. அதற்கு 8.5 சதவீதத்தில் ஒரு மாத வட்டி மட்டுமே ரூ.20,745. நான் கட்டும் 23,259-இல் அசலுக்குப் போவது 2,500 சொச்சம். மீதி 228 மாதமாக இருந்த கடன், சத்தமில்லாமல் 316 மாதம் ஆகிவிட்டது. ஏழு வருடத்துக்கும் மேல் கூடுதல். மாதம் சுமார் ரூ.2,670 சேர்த்துக் கட்டியிருந்தால் பழைய தேதியிலேயே முடிந்திருக்கும். அதை எனக்குச் சொல்லவே இல்லை.

உண்மையான ஏமாற்று 2025 மார்ச்சில் நடந்தது. ரெப்போ குறைந்ததால் வட்டியை 8.25 ஆக்கினார்கள். "மகிழ்ச்சியான செய்தி! உங்கள் தவணை ரூ.22,762 ஆகக் குறைக்கப்பட்டுள்ளது." மாதம் 497 ரூபாய் மிச்சம் என்று வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். ஆனால் மூன்று வருடமாக எட்டு லட்சத்துக்கு மேல் கட்டியும் அசல் ஒன்றரை லட்சம்கூடக் குறையவில்லையே என்று உறுத்தியது. கணக்கு விவரத்தை முழுசாகக் கேட்டு வாங்கினேன். பாக்கி அசல் ரூ.28,63,102. பாக்கி மாதம் 292. நான் ஒப்புக்கொண்ட 240-இல் 36 போனால் 204 தானே இருக்க வேண்டும்?

கிளையில் கேட்டால், "சார், தவணை குறைஞ்சிருக்கு, உங்களுக்கு லாபம்தானே" என்றார்கள். பாக்கி அசலின் மேல்தான் கணக்குப் போட்டோம் என்றார்கள். அசலும் வட்டி விகிதமும் சரிதான். மாதத்தில்தான் கைவைத்திருக்கிறார்கள். கணினியில் எக்செல் திறந்து இதை நீங்களே போட்டுப் பார்க்கலாம்:

```
=PMT(8.25%/12, 204, -2863102)
=PMT(8.25%/12, 292, -2863102)
```

முதல் வரிக்கு ரூ.26,146 வரும், இரண்டாவதுக்கு ரூ.22,762. வட்டி இப்படியே இருந்தால் முதல் வழியில் இனி மொத்தம் கட்டுவது 53 லட்சம் சொச்சம். இரண்டாவதில் 66 லட்சத்துக்கு மேல். மாதம் 497 ரூபாய் குறைத்ததாகச் சொல்லி, என் தலையில் 13 லட்சத்தைக் கட்டப் பார்த்தார்கள். தவணையைத் தொடாமல் 23,259-ஆகவே விட்டிருந்தால்கூட 274 மாதத்தில் முடிந்திருக்கும்.

இதற்கு விதி இருக்கிறது. 2023 ஆகஸ்ட் 18 அன்று ரிசர்வ் வங்கி வெளியிட்ட சுற்றறிக்கைப்படி, வட்டி மாறும்போது தவணையைக் கூட்டுவதா, காலத்தை நீட்டுவதா, இரண்டும் கலந்தா என்பதைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பைக் கடன் வாங்கியவருக்குத் தர வேண்டும். காலாண்டுக்கு ஒருமுறை, இதுவரை கட்டிய அசல், வட்டி, தவணைத் தொகை, பாக்கித் தவணைகளின் எண்ணிக்கை எல்லாம் காட்டும் அறிக்கையும் தர வேண்டும். 2023 டிசம்பர் 31-க்குள் பழைய கடன்களுக்கும் இதை அமல்படுத்தச் சொல்லியிருந்தார்கள். எனக்கு ஒரு அறிக்கைகூட வரவில்லை.

வாய்ப்பேச்சில் எதுவும் நடக்காது. சுற்றறிக்கையின் தேதியைக் குறிப்பிட்டு, "பாக்கி அசலை 204 மாதத்துக்கு மறுகணக்கிட்டுத் தவணையை மாற்றுங்கள்" என்று குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுத்தில் கொடுத்தேன். அதன் பிறகுதான் 26,146 என்று திருத்தினார்கள், புது அட்டவணையும் வந்தது. முழுத் தொகை கட்ட முடியாதவர்கள் நடுவில் ஒரு எண்ணைக் கேட்கலாம், 240 மாதம் என்று போட்டால் இதே அசலுக்குச் சுமார் 24,400 வரும். கையில் பணம் சேரும்போது அசலில் கட்டுங்கள். தனிநபர்களின் மாறும் வட்டி வீட்டுக் கடனுக்கு முன்கூட்டிக் கட்டக் கட்டணம் வாங்கக் கூடாது.

ஒரு மாதத்தில் பதில் வராவிட்டால் அல்லது பதில் சரியில்லாவிட்டால், வங்கிக் கடன் என்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் cms.rbi.org.in தளத்தில் புகார் செய்யலாம். என்னுடையது போல வீட்டுவசதி நிறுவனக் கடன் என்றால் அங்கே எடுக்க மாட்டார்கள், தேசிய வீட்டுவசதி வங்கிக்குத்தான் போக வேண்டும். அந்த இரண்டு வருடத்தில் என்னைக் கேட்காமல் நீட்டியதால் கூடுதலாகப் போன வட்டியை நிறுவனம் திருப்பித் தர மறுக்கிறது. அந்தப் புகாரை இப்போது அங்கேதான் கொடுத்திருக்கிறேன்.