ரகசியப் பை ஜாக்கெட்: லைனிங் பிரிந்த பிறகு எழுதுவது

தருமபுரி நண்பர் ஒருவர் போனில் கேட்டார்: "டொராண்டோவுக்கு மகளைப் பார்க்கப் போறேன். நீங்க போட்டிருப்பீங்களே, உள்ளுக்குள்ள பை வச்ச ஜாக்கெட், அது இப்ப பாதி விலைக்கு வருது. வாங்கலாமா?" அவரிடம் சொல்ல ஆரம்பித்த பதில் நீண்டுகொண்டே போனது. கிழிந்த ஜாக்கெட் போன வாரம்தான் தையல்காரரிடமிருந்து திரும்பி வந்தது, அந்தச் சூடு இன்னும் ஆறவில்லை. அதனால் எழுதியே விடுகிறேன்.

என் தொழில் கிரானைட். ஒவ்வொரு செப்டம்பரிலும் இத்தாலியின் வெரோனாவில் மார்மோமாக் என்ற கற்கண்காட்சி நடக்கும். அதற்குப் போகவே இதை வாங்கினேன். கிருஷ்ணகிரியில் இரவு புழுக்கத்தில் கார் ஏறினால், ஓசூர் தாண்டும்போது காற்று மாறும். பெங்களூரின் தேவனஹள்ளி விமான நிலையத்துக்குள் ஏசி. துபாயில் விமானம் டெர்மினலை ஒட்டி நிற்காமல் தள்ளி நின்றுவிட்டால், படிக்கட்டில் இறங்கிப் பேருந்து ஏறுவதற்குள் நடுராத்திரியிலும் வியர்த்துக் கொட்டும். டெர்மினலுக்குள் நுழைந்ததும் மறுபடி பல் கிட்டும் குளிர். அடுத்த விமானத்தில் ஜன்னல் சீட் கிடைத்தால், சுவர்ப்பக்கத் தோள் மட்டும் சில்லிட்டே இருக்கும். ஒரே இரவில் ஜாக்கெட்டைப் போடுவதும் கழற்றுவதுமாகத்தான் பயணம் போகும்.

முதலில் நியாயமாக அதன் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். சீட் பெல்ட் போட்டு, போர்வையும் போர்த்திய பிறகு பேன்ட் பையில் கை நுழையாது. மேலே வைத்த பையை எடுக்க வேண்டுமென்றால் பக்கத்து சீட்டுக்காரரை எழுப்ப வேண்டும். இந்த ஜாக்கெட்டில் பாஸ்போர்ட், கண்ணாடி, பேனா, மாத்திரை எல்லாமே நெஞ்சுப் பைகளில், பெல்ட்டுக்கு மேலே இருக்கின்றன. இருட்டில் கண்ணை மூடிக்கொண்டே எடுக்கலாம். நடுராத்திரியில் மாத்திரைக்காக யாரையும் எழுப்பாமல் இருக்க முடிவது எவ்வளவு பெரிய நிம்மதி என்பது அனுபவித்தவர்களுக்குத் தெரியும். இடுப்புக்குக் கீழே டேப்லெட்டுக்கென்று ஒரு பெரிய பை கொடுத்திருக்கிறார்கள். உட்கார்ந்தால் அது தொடையில் குத்தும், அதை நான் தொடுவதே இல்லை.

சரி, என் கோபம் எதன் மேல் என்று சொல்கிறேன். இடது நெஞ்சுப் பையின் மேல் ஓரத்தில், ஜிப் முடியும் மூலையில், உள்துணியான லைனிங் பிரிந்துவிட்டது. முதலில் நூல் அறுந்ததாகத்தான் நினைத்தேன். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் தையல் அப்படியே இருக்கிறது, ஒரு நூல்கூட அறவில்லை. துணியின் இழைகள்தான் தையலிலிருந்து நழுவி விலகி, ஏணிப்படி போல இடைவெளி விட்டிருந்தன. இந்த வழவழப்பான பாலியெஸ்டர் லைனிங்கில் இது வரக்கூடிய நோய்தான். நெசவு லேசானது, இழை வழுக்கும். ஒரே இடத்தில் பாரம் இழுத்துக்கொண்டே இருந்தால் இழை ஒதுங்கிவிடும். மேலே தையல் போட்டு மூடினால் பக்கத்தில் இன்னொரு ஏணிப்படி வரும்.

அந்தப் பையில் அப்படி என்ன பாரம் என்றால், ஒரு போன், பத்தாயிரம் மில்லி ஆம்பியர் பவர் பேங்க், உறையோடு பாஸ்போர்ட். மூன்றும் சேர்ந்து ஏறக்குறைய அரை கிலோ. பவர் பேங்கைச் செக்-இன் பெட்டியில் போடக் கூடாது, கையோடுதான் கொண்டுபோக வேண்டும் என்பதால் எல்லோரும் இப்படித்தான் வைப்போம். பை ஜாக்கெட் விற்பவருக்கு இது தெரியாத சேதியா? கம்பெனிக்குப் படம் எடுத்து அனுப்பினேன். 'வழக்கமான தேய்மானம்' என்று ஒரு வரி பதில் வந்தது.

பழையபேட்டையில் எனக்குப் பழக்கமான தையல்காரர் ஒருவர் இருக்கிறார். ஜாக்கெட்டைக் கையில் வாங்கிய அவர் கிழிசலைப் பார்க்கவே இல்லை. உள்பையை இரண்டு விரலால் பிடித்துக் கீழே இழுத்தார், தோள்பட்டையைப் பார்த்தார். "தோள் அசையவே இல்ல பாருங்க சார். பை லைனிங்கைப் புடிச்சித் தொங்குது, மேல்துணிக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்லை" என்றார். கீழ் மடிப்பில் ஒரு சாண் பிரித்து உள்ளே திருப்பிக் காட்டினார். அவர் சொன்னது சரிதான். அத்தனை பைகளும் லைனிங்கில் மட்டுமே தைக்கப்பட்டு, உள்ளே அந்தரத்தில் ஆடிக்கொண்டிருந்தன.

ஜாக்கெட்டைப் போட்டிருக்கும்வரை இது பெரிதாகத் தெரியாது. பை உடம்போடு அழுந்தி இருப்பதால் பாரத்தில் ஒரு பங்கை நெஞ்சே தாங்கிக்கொள்ளும். கழற்றிக் காலரைப் பிடித்துத் தூக்கினாலோ கொக்கியில் மாட்டினாலோ அரை கிலோவும் ஒரே ஆட்டமாக அந்த மூலையில் போய் விழும். குளிருக்கும் வெயிலுக்கும் ஏற்பப் போட்டுக் கழற்றத்தான் இந்த ஜாக்கெட் என்று விற்கிறார்கள். கழற்றும் ஒவ்வொரு முறையும் அது கிழிவதற்கு ஒரு படி நெருங்குகிறது. என்னைக் கடுப்பேற்றுவது இதுதான்.

அவர் செய்த வேலை இவ்வளவுதான். இழை விலகிய இடத்துக்குப் பின்னால் மெல்லிய பருத்தித் துணி ஒன்றை வைத்து, ஜிப்பின் இரு முனையிலும் நெருக்கமாகத் திரும்பத் திரும்ப அடித்தார். ஒட்டும் கேன்வாஸ் வைக்கலாமே என்றேன். அதற்குத் தேவையான இஸ்திரிச் சூட்டில் இந்த லைனிங் சுருங்கிவிடும் என்று மறுத்துவிட்டார். பிறகு பையின் மேல் மூலைகள் இரண்டிலிருந்தும் அரை இஞ்ச் பருத்தி நாடாவைத் தோள் தையல்வரை கொண்டுபோய், உள்ளே மடிந்திருக்கும் ஓரத்தில் பிடித்தார். நாடாவை லைனிங்கைவிட ஒரு நூல் குட்டையாக வைத்ததில்தான் அவர் கைத்திறன் இருக்கிறது. பாரம் வந்ததும் முதலில் இறுகுவது நாடா, லைனிங் தொளதொளவென்று சும்மா இருக்கும். ரொம்பக் குட்டையாக வைத்தால் முன்பக்கம் மேலே ஏறிச் சுருக்கம் விழும் என்பதால், பையில் போனையும் பவர் பேங்கையும் போட்டு, என்னை மாட்டிக்கொள்ளச் சொல்லிப் பார்த்த பிறகே நாடாவைத் தைத்தார். கூலி இருநூற்றைம்பது ரூபாய். தொழிற்சாலையில் ஆரம்பத்திலேயே செய்திருந்தால் ஒரு முழ நாடா செலவாகியிருக்கும்.

இப்போது பையைப் பிடித்து இழுத்தால் தோள் கூடவே இறங்குகிறது. வாங்கப்போகிறவர்கள் கடையிலேயே இதைச் செய்து பாருங்கள்: உங்கள் போனையும் பவர் பேங்கையும் உள்பையில் போட்டு, ஜாக்கெட்டை ஹேங்கரில் தொங்கவிட்டு, பையின் அடியைப் பிடித்து லேசாக இழுங்கள். மேல்துணியின் தோள் சேர்ந்து அசைந்தால் நாடாவோ வேறு பிடிமானமோ உள்ளே இருக்கிறது. லைனிங் மட்டும் புடைத்து இறங்கினால் அங்கேயே வைத்துவிட்டு வாருங்கள். எத்தனை பை என்று எண்ணிப் பார்ப்பதைவிட இந்த ஓர் இழுப்பு உருப்படியானது. ஆன்லைனில் வாங்கினால் திருப்பி அனுப்பும் கெடு முடிவதற்குள் இதைப் பார்த்துவிட வேண்டும்.

நண்பருக்கு என் பதில்: வாங்காதீர்கள், பாதி விலைக்கும் வேண்டாம். உங்களிடம் நல்ல விண்ட்சீட்டர் ஒன்று இருக்கும். அதை எடுத்துக்கொண்டு தையல்காரரிடம் போங்கள். உள்ளே இடது நெஞ்சில் ஜிப் வைத்த பை ஒன்று, வலதில் கண்ணாடிக்கு ஒன்று, இரண்டுக்கும் தோள்வரை நாடா என்று சொல்லித் தைத்துக்கொள்ளுங்கள். உட்கார்ந்து பெல்ட் போட்டபடி கை எட்டும் உயரத்தில் பை இருக்கிறதா என்று அங்கேயே நாற்காலியில் உட்கார்ந்து பாருங்கள். அப்புறம், டொராண்டோ குளிருக்கு இந்த மாதிரி ஜாக்கெட் விமான நிலைய வாசல்வரைதான். வெளியே போடத் தடித்த கோட்டை மகளையே எடுத்து வரச் சொல்லிவிடுங்கள்.

நான் எதைப் போட்டுக்கொண்டு போவேன் என்று கேட்டால், இதையேதான். அந்த நெஞ்சுப் பைக்கு ஈடாக இன்னொன்று எனக்குக் கிடைக்கவில்லை. பவர் பேங்க் மட்டும் இனி கைப்பையில்.