டூர்பில்லானா, சாதா பேலன்ஸா?

சாதா இயந்திரக் கைக்கடிகாரத்தில், ஓட்டத்தின் வேகத்தை நிர்ணயிக்கும் பேலன்ஸ் சக்கரம் ஒரே இடத்தில் நின்று ஆடுகிறது. அதன் ஒரு பக்கம் இம்மி கனம் கூடினாலும், நிமிர்த்தி வைத்தால் புவியீர்ப்பு வேகத்தைக் கெடுக்கும். சாவித்திருகு மேலே இருந்தால் நாளுக்கு 6 நொடி முந்துகிறது, கீழே இருந்தால் 4 நொடி பிந்துகிறது என்று வைத்துக்கொள்வோம்.

1801-இல் கடிகாரத் தயாரிப்பாளர் பிரெகே காப்புரிமை பெற்ற டூர்பில்லான், பேலன்ஸைக் கூண்டிலிட்டு, பொதுவாக நிமிடத்துக்கு ஒருமுறை சுழற்றுகிறது. பிழை அழிவதில்லை, எந்தப் பக்கம் நிமிர்த்தினாலும் சராசரியாகச் சுமார் 1 நொடி முந்தும், அவ்வளவுதான். சட்டைப்பையில் நிமிர்ந்தே கிடந்த கடிகாரத்துக்கு அது பெரிய உதவி.

மணிக்கட்டோ ஓயாமல் திரும்புகிறது. சாதா கடிகாரத்திலும் அந்த முந்தலும் பிந்தலும் பெருமளவு தாமாகக் கழிந்துவிடும். படுக்கவைத்தால் 5 நொடி முந்துகிறதா? டூர்பில்லான் அதைத் தொடவே தொடாது. சாதா கடிகாரத்தை இரவில் 8 மணி நேரம் திருகு கீழாக வைத்தால், பகலில் முந்தியதில் ஒரு நொடிக்குமேல் திரும்ப வந்துவிடும். செலவில்லாத வித்தை!