சிவப்பு எழுத்து மட்டும் ஏன் கரைகிறது? மூன்று வருடத் திரைப்பதிவு அனுபவம்

போன வாரம் நண்பர் ஒருவர் கேட்டார்: "உன் பாட வீடியோவில் வெள்ளை எழுத்து நறுக்குன்னு இருக்கு. பிழைச் செய்தி வரும் சிவப்பு எழுத்து மட்டும் ஏன் மை ஊறின மாதிரி தெரியுது? பிட்ரேட்டைக் கூட்டிப் பார்த்தியா?"

கூட்டிப் பார்த்தேன், நான்கு மடங்கு வரை. கோப்பு பெருத்ததுதான் மிச்சம். சுருக்கும் வேலை தொடங்கும் முன்பே சேதம் நடந்துவிடுகிறது.

வீடியோவில் ஒவ்வொரு புள்ளிக்கும் ஒளிர்வு தனியாக, நிறம் தனியாகப் பதிவாகிறது. நிறத்தின் நுணுக்கத்தைக் கண் அவ்வளவாகக் கவனிக்காது என்பதால், 4:2:0 முறையில் இரண்டுக்கு இரண்டு என நான்கு புள்ளிகள் ஒரே நிறத்தைப் பகிர்ந்துகொள்கின்றன. 1920×1080 படத்தின் நிறம் 960×540 அளவுதான். தரவு பாதியாகிறது. முகம், மரம், வானம் எதிலும் இது தெரியாது.

எழுத்தில் தெரியும். கறுப்புப் பின்னணியில் ஒரு புள்ளி அகலத்தில் சுத்தச் சிவப்புக் கோடு இருக்கிறது என்று வையுங்கள். அதன் நிறம் பக்கத்துக் கறுப்போடு சராசரியாகிறது. திரும்ப விரிக்கும்போது, சிவப்பு, பச்சை, நீலம் என்ற வரிசையில் 255,0,0 ஆக இருந்த கோடு ஏறத்தாழ 155,27,27 ஆக மங்குகிறது. பக்கத்துக் கறுப்பு 100,0,0 என்று சிவக்கிறது. எழுத்தின் கால், கொம்பு எல்லாம் இப்படித்தான் வழிகின்றன. சிவப்பின் ஒளிர்வு வெள்ளையின் ஒளிர்வில் 21 சதவீதம்தான், அதனால் வடிவத்தைத் தாங்க அதற்குத் தெம்பில்லை. நீலம் இன்னும் மோசம், 7 சதவீதம். வெள்ளைக்கும் கறுப்புக்கும் நிறமே இல்லாததால் அவை தப்பிக்கின்றன.

நான் பயன்படுத்தும் திரைப்பதிவு மென்பொருளின் அமைப்பில் NV12 என்று இருக்கும், அது 4:2:0 வடிவம்தான். அதை I444 ஆக்கினால் ஒவ்வொரு புள்ளிக்கும் நிறம் முழுசாகப் பதிவாகிறது. என் கணினியில் அருமையாக ஓடியது. அப்புறம் மாணவர் ஒருவர் போனில் திறந்தார். ஒலி மட்டும் வந்தது, படம் வரவில்லை. பெரும்பாலான போன்களின் டீகோடர் சிப் 4:2:0 வடிவத்தை மட்டுமே எதிர்பார்க்கிறது.

இப்போது I444-இல் பதிந்து, வெளியிடும் முன் இரட்டிப்பு அளவுக்குப் பெரிதாக்குகிறேன்:

```
ffmpeg -i in.mkv -vf scale=3840:2160:flags=neighbor \
 -c:v libx264 -crf 18 -pix_fmt yuv420p out.mp4
```

ஒவ்வொரு பழைய புள்ளியும் நான்காகிறது. அந்த நான்கும் ஒரே நிறம், எனவே பகிர்ந்தாலும் இழப்பில்லை. NV12-இல் ஏற்கெனவே பதிந்த கோப்புக்கு இது உதவாது. பழைய கணினியில் 4கே திணறும். 1080-க்குக் குறைத்து ஓடவிடும் தளத்தில் பழைய கரைசல் திரும்பிவிடும்.

மூன்று வருடத்தில் இந்த மென்பொருள் ஒரு பதிவைக்கூடக் கெடுத்ததில்லை. நான் வேறொன்றுக்கு மாறப்போவதில்லை. ஆனாலும் NV12 என்ற நான்கு எழுத்துக்குப் பக்கத்தில் 'வண்ண எழுத்து மங்கும்' என்று ஒரு வரி இல்லை. அதை நினைத்தால், பாடம் எடுக்கிறவர்களுக்கு இதைப் பரிந்துரைக்க எனக்கு மனம் வரவில்லை.