ஷார்ட்டா, மார்ஜினில் லாங்கா: கைக்காசையும் தாண்டிப் போகும் நஷ்டம் எதில் மோசம்?

பெரம்பூரில் இருக்கும் அக்கா மகன் வேலைக்குச் சேர்ந்த மூன்று வருஷத்தில் 2 லட்சம் சேர்த்திருக்கிறான். "மாமா, ஒரு பங்கு விழும்னு தோணுது, ஷார்ட் அடிக்கலாமா? இல்ல ஏறும்னு நினைக்கிற பங்கை எம்.டி.எஃப்.ல வாங்கலாமா?" என்று கேட்டான். அவனிடம் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன். ஷார்ட் என்றால் கையில் இல்லாத பங்கை முதலில் விற்று, விலை இறங்கியபின் வாங்கிக் கொடுப்பது. எம்.டி.எஃப். என்றால் புரோக்கரிடம் கடன் வாங்கிப் பங்கு வாங்குவது; தலைப்பில் மார்ஜினில் லாங் என்றது இதைத்தான். இரண்டிலும் 2 லட்சத்துக்கு மேல் போகலாம். ஆனால் போகும் விதம் வேறு.

முதலில் எம்.டி.எஃப். உன் 2 லட்சத்துடன் புரோக்கர் 6 லட்சம் கடன் தருகிறார் என்று வை. 500 ரூபாய் பங்கில் 1,600 வாங்கலாம். கடனுக்கு வருஷ வட்டி 15 சதவீதம் என்றால் நாளொன்றுக்கு ஏறக்குறைய 247 ரூபாய். சந்தை மூடியிருக்கும் சனி, ஞாயிறும் வட்டி ஓடும். விலை 375-க்கு வந்தால் உன் பணம் மொத்தமும் காலி. அதற்கு முன்பே மார்ஜின், அதாவது நீ ஈடாக வைக்க வேண்டிய பணம், பத்தவில்லை என்று புரோக்கர் கேட்பார், கட்டாவிட்டால் பங்கை விற்றுவிடுவார். சிக்கல் எங்கே என்றால், ராத்திரி ஒரு கெட்ட செய்தி வந்து காலையில் நேராக 350-இல் திறந்தால் 375-இல் விற்க ஆளே கிடைக்காது. 350-இல் விற்றால் 5.6 லட்சம் வரும், கடனோ 6 லட்சம். 40,000 ரூபாயும் வட்டியும் நீ கொண்டுவந்து கட்ட வேண்டும்.

ஆனாலும் இதற்கு ஒரு அடித்தளம் உண்டு. பங்கு பூஜ்ஜியத்துக்குக் கீழே போகாது. எவ்வளவு மோசமானாலும் 8 லட்சமும் வட்டியும்தான். வாங்கும் முன்பே அந்த எண்ணைத் தாளில் எழுதிப் பார்க்கலாம்.

ஷார்ட்டில் அந்தத் தாளில் எழுத எண்ணே கிடையாது, ஏனென்றால் விலை ஏற்றத்துக்கு எல்லை இல்லை. நம் ஊர் கேஷ் சந்தையில் சாதாரண டிரேடர் ஷார்ட் அடித்தால் அன்றைக்கே வாங்கி முடித்தாக வேண்டும். குறைந்தது 20 சதவீத மார்ஜின் என்பதால் 2 லட்சத்துக்கு அதிகபட்சம் 10 லட்சம் வரை விற்கலாம். அதே 500 ரூபாய் பங்கு, நேற்றைய முடிவும் 500, சர்க்யூட் வரம்பு, அதாவது ஒரே நாளில் விலை ஏற இறங்க விடும் எல்லை, 20 சதவீதம் என்று வை. 2,000 பங்கு விற்றுவிட்டாய்.

மதியம் ஏதோ ஆர்டர் கிடைத்ததாகச் செய்தி. விலை 600-க்குப் போய் அப்பர் சர்க்யூட்டில் நின்றுவிடுகிறது. திரையைப் பார்: வாங்குவோர் பக்கம் லட்சக்கணக்கில் பங்கு, விற்போர் பக்கம் வரிசையாகப் பூஜ்ஜியம். "ஸ்டாப்லாஸ் போட்டிருப்பேனே மாமா" என்றான். ஸ்டாப்லாஸ் என்பது விலை நீ குறித்த இடத்தைத் தொட்டதும் கிளம்பும் வாங்கும் ஆர்டர்தான். விலை கடகடவென்று தாண்டிப்போய் விற்க ஆளில்லாமல் ஆகிவிட்டால் அதுவும் வரிசையில் நிற்கும். மூன்றேகால் வாக்கில் புரோக்கர் தானாகப் பங்கைத் திரும்ப வாங்கி ஸ்கொயர் ஆஃப் செய்ய முயல்வார். அவருக்கும் கிடைக்காது.

உன்னிடம் இல்லாத 2,000 பங்கை மறுநாள் டெலிவரி கொடுக்க வேண்டும். கொடுக்க முடியாததால் எக்ஸ்சேஞ்ச் ஏலத்தில் வாங்கிக் கொடுக்கும். ஏல விலை முந்தைய முடிவுக்கு 20 சதவீதம் மேலே வரை, அதாவது 720 வரை போகலாம். பங்குக்கு 220 ரூபாய் வீதம் 4.4 லட்சம் நஷ்டம். உன் 2 லட்சம் போக, 2.4 லட்சம் கணக்கில் மைனஸில் நிற்கும். ஏலச் செலவு தனி. ஏலத்திலும் யாரும் விற்க வராவிட்டால் குளோஸ் அவுட் என்று விலை வைத்து முடிப்பார்கள். அது இதைவிட மோசமாகவும் இருக்கலாம். ஒரே நாள் டிரேட் என்று நினைத்து இறங்கியது இது.

பின்னொரு தேதிக்கான ஒப்பந்தமான பியூச்சரில் ஷார்ட் அடித்தால் ராத்திரி தாண்டி வைத்திருக்கலாம், ஆனால் கதவு மூடுவது அங்கேயும் நடக்கும். 2009 மே 16, சனிக்கிழமை, தேர்தல் முடிவு வந்தது. 18-ஆம் தேதி திங்களன்று சென்செக்ஸ் 17 சதவீதத்துக்கு மேல் ஏறி, வர்த்தகமே நிறுத்தப்பட்டது. ஷார்ட் வைத்திருந்தவர்களுக்கு வெளியே வர அன்றைக்கு நேரமே இல்லை.

ஆகவே என் தேர்வு: இரண்டில் ஒன்று என்றால் எம்.டி.எஃப்., அதுவும் 2 லட்சத்துக்கு 3 லட்சம் மதிப்புக்கு மேல் வாங்காமல். அப்போது பங்கு விலை மூன்றில் இரண்டு பாகம் விழுந்தால்தான் கைக்காசு தீரும். பங்கு விழும் என்றே தோன்றினால் ஷார்ட்டுக்குப் பதில் புட் ஆப்ஷன், அதாவது குறித்த விலையில் பங்கை விற்கும் உரிமை, வாங்கு. கட்டிய பிரீமியம் முழுக்கப் போகலாம், அடிக்கடி போகவும் செய்யும், ஆனால் அதற்கு மேல் யாரும் கேட்க மாட்டார்கள். அந்த உரிமை முடியும் எக்ஸ்பைரி நாள் வரை வைத்திருக்காமல் முன்பே விற்றுவிடு. லாபத்தில் முடிந்தால் பங்கையே டெலிவரி கொடுக்கச் சொல்வார்கள்.

அவன் இன்னும் யோசிக்கிறான். ஷார்ட் அடிக்கும் முன் அந்தப் பங்கின் சர்க்யூட் வரம்பு எத்தனை சதவீதம் என்று பார்த்து எனக்கு போன் பண்ணு என்று மட்டும் சொல்லியிருக்கிறேன்.