கணக்கில் வரவு தெரிந்தது, வரைவோலை வசூலாகவில்லை

நான் பயன்படுத்திய கேமராவையும் அதன் இரண்டு லென்ஸ்களையும் விற்க விளம்பரம் கொடுத்து, பொருளையும் பணத்தையும் சேர்த்து இழந்தேன். வங்கிக் கணக்கில் பணம் வந்ததைக் கண்ணால் பார்த்த பிறகுதான் பொருளை அனுப்பினேன் என்பதாலேயே இதை எழுதுகிறேன். எச்சரிக்கையாக இருப்பதாக நினைத்துக்கொண்டு நான் செய்த அந்தச் சரிபார்ப்பைத்தான் மோசடிக்காரர் நம்பியிருந்தார்.

கணக்கு எளிதாக விளங்குவதற்காக, நான் கேட்ட விலையை 100 என்று வைத்துக்கொள்கிறேன். வாங்குபவர் பேரம் பேசவில்லை, பொருளை நேரில் பார்க்கவும் கேட்கவில்லை. வெளியூரில் பணியில் இருப்பதாகவும், தம் நிறுவனம் வங்கி வரைவோலையாகப் பணத்தை அனுப்பிவிடும் என்றும், பொருளை எடுத்துச்செல்ல ஒரு சரக்கு முகவர் வருவார் என்றும் எழுதினார். கூரியரில் வந்த வரைவோலையில் 170 இருந்தது. நான் கேட்பதற்கு முன்பே அவர் விளக்கம் சொல்லிவிட்டார்: முகவருக்குக் கொடுக்க வேண்டிய கூலியையும் அலுவலகத்தில் சேர்த்து எழுதிவிட்டார்கள், ஆகவே 60ஐ முகவரின் கணக்கிற்கு அனுப்பிவிட்டு, மீதமுள்ள 10ஐ என் சிரமத்திற்காக வைத்துக்கொள்ள வேண்டும் என்றார். அந்த 10 எனக்கு அவர்மேல் நல்லெண்ணத்தை உண்டாக்கியது என்பதை இங்கே சொல்லித்தான் ஆக வேண்டும்.

வியாழக்கிழமை வரைவோலையை என் வங்கியில் செலுத்தினேன். அப்போது என் கணக்கில் 40 இருந்தது. வெள்ளிக்கிழமை காலை இருப்பு 210 என்று காட்டியது. கிளைக்குத் தொலைபேசியில் அழைத்து, "பணம் வந்துவிட்டதா?" என்று கேட்டேன். "ஆமாம், வரவு வைக்கப்பட்டிருக்கிறது" என்றார் அலுவலர். அவர் சொன்னது பொய்யன்று. நான் கேட்ட கேள்விதான் தவறானது. அன்று பிற்பகலில் 60ஐ முகவரின் கணக்கிற்கு அனுப்பினேன். மறுநாள் சனிக்கிழமை, அந்த முகவர் அனுப்பியதாகச் சொல்லி வந்த ஒருவர் கேமராவை எடுத்துச்சென்றார்.

செலுத்திய 11ஆம் நாள், திங்கட்கிழமை, வரைவோலை திரும்பி வந்தது. வங்கி 170ஐயும் திரும்ப எடுத்துக்கொண்டதோடு, திரும்பியதற்கான கட்டணத்தையும் என்னிடமே பிடித்தது. 210இலிருந்து 60 போய் 150 இருந்த கணக்கில் 170 கழிந்ததால், எனக்கென்று முன்பு இருந்த 40ம் கரைந்து, அந்தக் கட்டணத்தைச் சேர்க்காமலேயே நான் வங்கிக்கு 20 கடன்பட்டவனாக நின்றேன். 100 மதிப்புள்ள பொருளும் கையில் இல்லை.

இது எப்படி நடக்கிறது என்பதை அதன் பிறகு கிளை மேலாளரிடம் உட்கார்ந்து கேட்டுத் தெரிந்துகொண்டேன். நாம் செலுத்தும் தாள் பணமன்று. வேறொரு வங்கியிடம் பணம் கேட்கும் கோரிக்கை மட்டுமே. நம் வங்கி அதைத் தீர்வகத்தின் வழியாக, அதாவது கிளியரிங் மூலமாக, வழங்கிய வங்கிக்கு அனுப்புகிறது. வழங்கிய வங்கி தாளைச் சரிபார்த்துப் பணத்தைத் தரும் அல்லது காரணம் குறிப்பிட்டுத் திருப்பி அனுப்பும். அந்தப் பதில் வருவதற்குள் வாடிக்கையாளர் காத்திருக்கக் கூடாது என்பதற்காக, பல வங்கிகள் தொகையைத் தற்காலிகமாக வரவு வைக்கின்றன. சில நாடுகளில் சட்டமே இதைக் கோருகிறது: அமெரிக்காவில் 1987இல் இயற்றப்பட்ட சட்டத்தின்படி, குறிப்பிட்ட வகைக் காசோலைகளின் தொகையை, அது வசூலானாலும் ஆகாவிட்டாலும், குறித்த நாட்களுக்குள் வாடிக்கையாளர் எடுக்க அனுமதிக்க வேண்டும். எனவே கணக்கில் தொகை தெரிவதும், அதை எடுக்க முடிவதும், அந்தப் பணம் வசூலாகிவிட்டது என்பதற்குச் சான்றாகா. தாள் திரும்பினால் அந்தத் தொகையை மீண்டும் பற்று வைக்கும் உரிமை வங்கிக்கு உண்டு. கணக்கு தொடங்கும்போது நாம் கையொப்பமிடும் விதிமுறைகளிலேயே அது பொதுவாக இருக்கும்.

வரைவோலை என்பதால்தான் நான் கூடுதலாக நம்பினேன். காசோலை, எழுதியவரின் கணக்கில் பணம் இல்லாவிட்டாலோ, கையொப்பம் மாறியிருந்தாலோ, அவர் பணம் தர வேண்டாம் என்று தடுத்திருந்தாலோ திரும்பிவிடும். வரைவோலைக்கு வங்கி முன்கூட்டியே பணத்தை வாங்கிக்கொள்வதால், பணம் போதவில்லை என்ற காரணத்தால் அது திரும்புவதில்லை. ஆனால் அந்த உறுதி, உண்மையான வரைவோலைக்கு மட்டுமே பொருந்தும். எனக்கு வந்ததை, அதில் பெயர் அச்சிடப்பட்டிருந்த வங்கி வழங்கவே இல்லை. தாளும் எழுத்தும் முத்திரையும் பார்வைக்குக் குறையற்றிருந்தன.

பதில் வர 11 நாட்கள் ஆனதற்கும் காரணம் இருந்தது. தாளின் அடிப்பகுதியில் ஒரு வெள்ளைப் பட்டையில் எண்கள் வரிசையாக அச்சிடப்பட்டிருக்கும். இயந்திரங்கள் அந்த எண்களைப் படித்துத்தான் தாள் எந்த வங்கிக்குப் போக வேண்டும் என்று முடிவு செய்கின்றன. என் வரைவோலையின் மேற்பகுதியில் ஒரு வங்கியின் பெயரும், அடியில் வேறொரு வங்கியின் எண்ணும் இருந்தன. அது தவறான இடத்திற்குப் போய்த் திரும்பி, மறுபடியும் அனுப்பப்பட்டதில் நாட்கள் கழிந்தன. அந்தத் தாமதமே மோசடிக்காரருக்கு வேண்டிய அவகாசம். வாரயிறுதியை ஒட்டித் தாள் வந்து சேர்ந்ததும் தற்செயல் என்று இப்போது நான் நினைக்கவில்லை.

தொகை கூடுதலாக இருந்ததை வைத்தே நான் நின்றிருக்க வேண்டும். வாங்குபவர் ஒருவர், முன்பின் தெரியாத விற்பவரை நம்பி, பாதிக்கு மேல் கூடுதலான தொகையை அனுப்பி மீதியைத் திருப்பச் சொல்வதற்கு நியாயமான தேவை எதுவுமில்லை; முகவருக்கு அவரே நேரடியாகக் கொடுத்துவிடலாம். அவர் அனுப்பியது திரும்பக்கூடிய தாள். என்னிடம் கேட்டதோ, அனுப்பிய பின் மீட்க முடியாத பணம். இந்த வேறுபாட்டில்தான் முழு ஏமாற்றும் அடங்கியிருக்கிறது. அத்தகைய தாள் வந்தால், சரியான தொகைக்கு வேறொன்று கேட்டு, வந்ததைச் செலுத்தாமல் வைத்திருங்கள்.

உண்மையானதா என்று விசாரிக்க நினைப்பவர்கள், தாளில் அச்சிட்டிருக்கும் தொலைபேசி எண்ணை அழைக்க வேண்டாம். என்னுடையதில் இருந்த எண்ணை நான் அழைத்திருந்தால், மோசடிக்காரரின் கூட்டாளியே எடுத்து "சரியானதுதான்" என்று சொல்லியிருப்பார். வழங்கிய வங்கியின் எண்ணை நீங்களே வேறு வழியில் தேடி எடுத்து, வரைவோலை எண், தேதி, தொகை, பெறுபவர் பெயர் ஆகிய நான்கையும் சொல்லி, இவை அனைத்தும் தங்கள் பதிவோடு பொருந்துகின்றனவா என்று கேளுங்கள். உண்மையான ஒரு வரைவோலையின் எண்ணை எடுத்து, தொகையை மட்டும் மாற்றி அச்சிடுவதும் உண்டு. உங்கள் வங்கியிடம், "வரவாகிவிட்டதா?" என்று கேட்காமல், "வழங்கிய வங்கி இறுதியாகப் பணத்தைச் செலுத்திவிட்டதா, இனி இது திரும்ப வாய்ப்பு உண்டா?" என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். வாய்ப்பு இல்லை என்று அவர்கள் எழுதித் தரத் தயங்கினால், அந்தத் தொகை இன்னும் உங்களுடையதன்று. பொருளும் வீட்டிலேயே இருக்கட்டும்.

இதைப் படிக்கும்போதே ஒருவர் பணத்தையோ பொருளையோ அனுப்பிவிட்டு, தாள் இன்னும் திரும்பாத நிலையில் இருக்கலாம். அவர் தாள் திரும்பும்வரை காத்திருக்கக் கூடாது. உடனே வங்கிக்கு அழைத்து, செலுத்திய தாள் போலியாக இருக்கக்கூடும் என்று தாமே முதலில் சொல்ல வேண்டும். போலித் தாளைக் கணக்கில் செலுத்தியவர் என்ற முறையில் அவர்மீதே சந்தேகம் திரும்ப இடமுண்டு என்பதால் இது முக்கியம். அனுப்பிய தொகையைத் திரும்பப் பெறும் கோரிக்கையையும் அதே அழைப்பில் பதிவு செய்துகொண்டு, பெற்றவரின் வங்கிக்கும் தகவல் தெரிவிக்கச் சொல்ல வேண்டும். சரக்கு நிறுவனத்தின் மூலம் பொருள் போயிருந்தால், ஒப்படைப்பதற்கு முன் நிறுத்தித் திருப்பி அனுப்பச் சொல்லலாம். கூரியர் உறை, கடிதங்கள், தாளின் இருபக்கப் படங்கள் ஆகியவற்றை அழிக்காமல் வைத்திருந்து காவல்துறையில் புகார் கொடுக்க வேண்டும். நான் வெள்ளிக்கிழமை அனுப்பிய 60 அன்று மாலையே அந்தக் கணக்கிலிருந்து வெளியே எடுக்கப்பட்டிருந்தது.